3 பிகோஃபாரட் 63 ஆன கதை

கல்லூரி லேபில் நானே கணக்குப் போட்டுக் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபையரில் இருந்தது ஒரே ஒரு மாஸ்ஃபெட். சிக்னல் கேட்டில் நுழையும், டிரெய்னில் பெருகி வெளியே வரும், சோர்ஸ் கிரவுண்டோடு இருக்கும். காமன் சோர்ஸ் ஆம்ப்ளிஃபையர் என்று பாடத்தில் முதலில் வருவது இதுதான். 1 கிலோஹெர்ட்ஸில் 50 மில்லிவோல்ட் கொடுத்தேன், ஆசிலோஸ்கோப்பில் 1 வோல்ட் தெரிந்தது. கெயின் 20. காகிதத்தில் வந்ததும் 20 தான். சிக்னல் ஜெனரேட்டரின் அதிர்வெண் குமிழைத் திருகும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

என் கணக்குப்படி இந்த ஆம்ப்ளிஃபையர் 880 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்க வேண்டும். ஆனால் 50, 60 தாண்டும்போதே அலை சுருங்க ஆரம்பித்தது. 120 கிலோஹெர்ட்ஸுக்கு வந்தபோது 1 வோல்ட் 0.7 வோல்ட்டாகிவிட்டது. வெளியீடு இப்படி 71 சதவீதத்துக்கு இறங்கும் அதிர்வெண்ணைத்தான் பேண்ட்வித் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எதிர்பார்த்ததில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. டிரான்சிஸ்டரை மாற்றினேன், ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்தேன், கிரவுண்ட் வயரை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. தப்பு என் கணக்கில்தான்.

அந்தக் கணக்கை அப்படியே வைக்கிறேன். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சிக்னல் நேராக கேட்டுக்குப் போகவில்லை, வழியில் 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்தது. நிஜத்தில் சிக்னல் தரும் சென்சாருக்கோ முந்தைய கட்டத்துக்கோ அந்த அளவு உள்மின்தடை இருக்கும் என்பதால் நானே போட்டது. டிரெய்னில் 2 கிலோஓம். மாஸ்ஃபெட்டின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 10 மில்லிசீமென்ஸ், அதாவது கேட் 1 மில்லிவோல்ட் அசைந்தால் டிரெய்ன் கரண்ட் 10 மைக்ரோஆம்பியர் மாறும். அது 2 கிலோஓம் வழியே போகும்போது 20 மில்லிவோல்ட் ஆகிறது. கெயின் 20 வந்தது இப்படித்தான். கரண்ட் கூடினால் ரெசிஸ்டரில் வோல்டேஜ் அதிகம் விழும், டிரெய்ன் கீழே இறங்கும். ஆகவே கேட் ஏறினால் டிரெய்ன் இறங்கும். இந்தத் தலைகீழ் விஷயத்தை நான் அப்போது ஒரு மைனஸ் குறியாக எழுதி மறந்துவிட்டேன். கதையே அந்த மைனஸில்தான் இருக்கிறது.

டேட்டாஷீட்டில் கெபாசிட்டன்ஸ் என்று மூன்று வரிகள் இருந்தன. `Ciss` 18 பிகோஃபாரட், `Coss` 10 பிகோஃபாரட், `Crss` 3 பிகோஃபாரட். முதலாவது உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ் என்று போட்டிருந்தது. சரி, கேட்டில் 18 பிகோஃபாரட் இருக்கிறது, அதை 10 கிலோஓம் வழியாக நிரப்ப வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

```
f = 1 / (2π × 10 kΩ × 18 pF) ≈ 884 kHz
```

சூத்திரத்தில் பிழை இல்லை. அந்த 18 தான் பொய். இன்னும் சரியாகச் சொன்னால், டேட்டாஷீட் வேறொரு சூழலில் சொன்ன உண்மையை நான் என் சூழலுக்குத் தூக்கிவந்துவிட்டேன்.

18 எதிலிருந்து வந்தது

மாஸ்ஃபெட்டுக்குள் கேட்டை ஒட்டி இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. யாரும் வைத்தவையல்ல, கேட் தகடு மற்ற பகுதிகளின் மேல் படிந்திருப்பதால் தானாக அமைந்தவை. ஒன்று கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே, `Cgs`. மற்றொன்று கேட்டுக்கும் டிரெய்னுக்கும் நடுவே, `Cgd`. டேட்டாஷீட்டில் `Crss` என்று வருவது இந்த இரண்டாவதுதான். `Ciss` என்பது இரண்டின் கூட்டல். ஆக, என் மாஸ்ஃபெட்டில் `Cgs` 15, `Cgd` 3.

`Ciss`-ஐ அளக்கும்போது டிரெய்னை ஏசிக்கு அசையாமல் கட்டிவிடுகிறார்கள். ஒரு பெரிய கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் இரண்டு கெபாசிட்டர்களின் மறுமுனையும் அசையாது, இரண்டையும் கூட்டினால் போதும். ஆனால் ஆம்ப்ளிஃபையரில் டிரெய்னின் வேலையே அசைவதுதான்.

இங்கே ஒரு ரப்பர் பேண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை உங்கள் விரலில், மறுமுனை சுவரில் ஆணியில். விரலை 1 சென்டிமீட்டர் இழுத்தால் பேண்ட் 1 சென்டிமீட்டர் நீளும், அதற்கேற்ற இழுவிசை விரலில் தெரியும். இப்போது ஆணிக்குப் பதில் மறுமுனையை ஒரு குறும்புக்காரன் பிடித்திருக்கிறான். நீங்கள் இந்தப் பக்கம் 1 சென்டிமீட்டர் இழுத்தால் அவன் அந்தப் பக்கம் 20 சென்டிமீட்டர் இழுக்கிறான். பேண்ட் 21 சென்டிமீட்டர் நீள்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் மறுமுனையில் ஆள் இருப்பது உங்களுக்குத் தெரியாது. 'இது என்ன, சாதாரண பேண்டைப் போல 21 மடங்கு முரடாக இருக்கிறதே' என்றுதான் தோன்றும். பேண்ட் மாறவே இல்லை.

கெபாசிட்டரில் நீட்சிக்குப் பதில் வோல்டேஜ், இழுவிசைக்குப் பதில் மின்னூட்டம். கேட்டை 1 மில்லிவோல்ட் ஏற்றுகிறோம். `Cgs`-இன் மறுமுனை கிரவுண்டில் இருப்பதால் அதன் குறுக்கே மாறியது 1 மில்லிவோல்ட். அதற்கு ஜெனரேட்டர் தர வேண்டியது 15 ஃபெம்டோகூலும். `Cgd`-இன் மறுமுனையோ அதே நேரத்தில் 20 மில்லிவோல்ட் கீழே போய்விட்டது. அதன் குறுக்கே மாறியது 21 மில்லிவோல்ட். 3 பிகோஃபாரட்டை 21 மில்லிவோல்ட் மாற்ற 63 ஃபெம்டோகூலும் வேண்டும். அதுவும் அந்த 10 கிலோஓம் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஜெனரேட்டரின் பக்கமிருந்து பார்த்தால், 1 மில்லிவோல்ட் ஏற்ற 63 ஃபெம்டோகூலும் கேட்கிற பொருளுக்குப் பெயர் 63 பிகோஃபாரட் கெபாசிட்டர். 3 என்று அச்சாகியிருக்கும் சின்ன கெபாசிட்டர், 15 என்ற பெரியதைவிட நான்கு மடங்கு கனமாகிவிட்டது. மில்லர் விளைவு என்பது இதுதான்.

```
Cin = Cgs + Cgd × (1 + A)
    = 15 + 3 × (1 + 20)
    = 78 pF
```

அந்த `1` எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேட் தன் பங்குக்கு அசைந்த 1 மில்லிவோல்ட்தான் அது, `A` என்பது டிரெய்ன் எதிர்ப்பக்கம் அசைந்தது. இரண்டும் கூடுவதற்குக் காரணம் திசைகள் எதிரெதிர் என்பது மட்டுமே. இரண்டு முனைகளும் ஒரே திசையில் அசைந்தால் கழிக்க வேண்டியிருக்கும். வெளியீட்டை டிரெய்னுக்குப் பதில் சோர்ஸில் எடுக்கும் சோர்ஸ் ஃபாலோயரில் அதுதான் நடக்கிறது. கேட் 1 மில்லிவோல்ட் ஏறினால் சோர்ஸும் 0.9 மில்லிவோல்ட் கூடவே ஏறுகிறது. `Cgs`-இன் குறுக்கே மாறுவது 0.1 மட்டும், ஆக 15 பிகோஃபாரட் வெறும் ஒன்றரை பிகோஃபாரட் போலத் தெரியும். கெபாசிட்டரின் கனத்தை முடிவுசெய்வது அதன் மறுமுனை எங்கே போகிறது என்பதே.

இப்போது கணக்கைத் திருத்தினால்:

```
f = 1 / (2π × 10 kΩ × 78 pF) ≈ 204 kHz
```

டிரெய்ன் பக்கத்திலும் ஒரு தாமதம் இருக்கிறது. ஆனால் 2 கிலோஓமும், `Coss` என்ற வெளியீட்டுக் கெபாசிட்டன்ஸின் 10 பிகோஃபாரட்டும் சேர்ந்தால் 20 நானோவினாடிதான். உள்ளீட்டில் 10 கிலோஓமும் 78 பிகோஃபாரட்டும் சேர்ந்து 780 நானோவினாடி. டிரெய்ன் பக்கத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். கடைசியில் அதுவே வந்து கழுத்தைப் பிடிக்கும் ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன்.

204 சரி, ஆனால் நான் பார்த்தது 120

884-இலிருந்து 204-க்கு இறங்கியாயிற்று. அளந்ததோ 120. மில்லர் விளைவைப் புரிந்துகொண்ட பிறகும் மிஞ்சிய இந்த இடைவெளிதான் எனக்கு அதை உண்மையில் கற்றுக்கொடுத்தது.

பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 120 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டுமென்றால், ப்ரோபின் சுமையையும் சேர்த்துக்கொண்ட பிறகு, `Cgd` 3 ஆக இருக்க முடியாது. சுமார் ஐந்தரை இருக்க வேண்டும். எங்கிருந்தோ இரண்டரை பிகோஃபாரட் வந்து ஒட்டியிருக்கிறது.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் பிரெட்போர்டில் அடுத்தடுத்த வரிசைகளில் குத்தியிருந்தேன். கேட் நடுவில், டிரெய்ன் அதன் பக்கத்தில். பிரெட்போர்டுக்குள் ஒவ்வொரு வரிசையும் ஒரு உலோகப் பட்டை. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் நடுவே பிளாஸ்டிக்கோடு எதிரெதிர் நிற்கின்றன. இரண்டு தகடு, நடுவில் மின்கடத்தாப் பொருள் என்றால் அது கெபாசிட்டரேதான், ஓரிரண்டு பிகோஃபாரட் சாதாரணமாக வரும். வேறெந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருந்தாலும் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கேட்டுக்கும் டிரெய்னுக்கும் நடுவே வந்து உட்கார்ந்ததால் அது 21-ஆல் பெருகியது. 2 பிகோஃபாரட் 42 ஆனது.

கால்களை விரித்து, கேட் வரிசைக்கும் டிரெய்ன் வரிசைக்கும் நடுவே ஒரு வரிசையைக் காலியாக விட்டு, அந்தக் காலி வரிசையை கிரவுண்டோடு இணைத்தேன். பேண்ட்வித் 160 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியது. ஒரே ஒரு வயர்த் துண்டு. கேட்டுக்கும் நடுவரிசைக்கும் இடையே இப்போதும் அதே இரண்டு பிகோஃபாரட் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதன் மறுமுனை கிரவுண்டில் அசையாமல் நிற்பதால் அது வெறும் இரண்டாகவே எண்ணப்படுகிறது.

மிச்சமிருந்த வித்தியாசத்துக்கு டேட்டாஷீட்டின் சிறிய எழுத்தில் ஒரு காரணம் இருந்தது. அந்த 3 பிகோஃபாரட் டிரெய்னில் 25 வோல்ட் இருக்கும்போது அளந்தது. என் டிரெய்ன் 6 வோல்ட்டில் இருந்தது. டிரெய்ன் வோல்டேஜ் குறையக் குறைய `Cgd` ஏறும், மிகக் கீழே வந்தால் பல மடங்காகவும் ஏறும். பெரும்பாலான டேட்டாஷீட்களில் இதற்கு ஒரு வளைகோடு இருக்கும். முதல் பக்கத்து எண்ணை எடுக்காமல் அந்த வளைகோட்டில் உங்கள் டிரெய்ன் வோல்டேஜுக்கு நேரே உள்ளதை எடுங்கள்.

காலி வரிசையை கிரவுண்ட் செய்ததை ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி லேபில் கொஞ்சநேரம் பெருமையோடு திரிந்தேன். பிறகு தெரிந்தது, அந்த யோசனைக்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு வயது. ஜான் மில்டன் மில்லர் எழுதி, அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகம் 1920-இல் வெளியிட்ட கட்டுரை வெற்றிடக் குழாய்களைப் பற்றியது. மூன்று முனை கொண்ட டிரையோடில் கேட்டின் இடத்தில் கிரிட், டிரெய்னின் இடத்தில் பிளேட். பிளேட்டில் என்ன சுமை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து கிரிட் பக்கத்து மின்மறுப்பு மாறுவதை அவர் அதில் காட்டினார். கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களில் இன்றும் ஓடும் 12AX7 குழாயில் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருப்பது சுமார் 1.7 பிகோஃபாரட். கெயின் 60 என்றால் அது 100-க்கு மேலே போய்விடும். 1920களின் பிற்பகுதியில் வந்த டெட்ரோடு குழாய்களில் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இன்னொரு வலையை வைத்து, சிக்னலைப் பொறுத்தவரை அதை கிரவுண்டில் கட்டினார்கள். ஸ்கிரீன் கிரிட் என்பது அதன் பெயர். என் பிரெட்போர்டின் காலி வரிசை செய்த அதே வேலைதான்.

கெயினைக் கூட்டினால் என்ன ஆகும்

சூத்திரத்தில் `A` இருப்பதால் கெயினும் பேண்ட்வித்தும் ஒன்றையொன்று இழுக்கின்றன. டிரெய்ன் ரெசிஸ்டரை 1 கிலோஓம் ஆக்கினால் கெயின் 10. உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸ் 15 கூட்டல் 33, அதாவது 48 பிகோஃபாரட். பேண்ட்வித் 332 கிலோஹெர்ட்ஸ். பயாஸ் கரண்ட்டை மாற்றாமல் 4 கிலோஓம் போட முடிந்தால் கெயின் 40, உள்ளீடு 138 பிகோஃபாரட், பேண்ட்வித் 115 கிலோஹெர்ட்ஸ். கெயின் நான்கு மடங்கானபோது பேண்ட்வித் மூன்றில் ஒரு பங்காகிறது. சரியாக நான்கில் ஒன்றாகாமல் இருப்பதற்குக் காரணம் `Cgs`. அது கெயினோடு வளராமல் அப்படியே கிடக்கிறது. கெயின் மிகப் பெரிதாகிவிட்டால் `Cgs` ஒரு பொருட்டாக இராது, அப்போது ஒன்றைக் கூட்டினால் மற்றது கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும்.

இதை வைத்து மில்லர் விளைவுதான் வில்லன் என்று முடிவுகட்ட வேண்டாம். வில்லனுக்கு ஒரு கூட்டாளி உண்டு, அந்த 10 கிலோஓம். அதை எடுத்துவிட்டு 50 ஓம் ஜெனரேட்டரை நேராக கேட்டில் மாட்டினால் 78 பிகோஃபாரட் அப்படியே இருக்கும், ஆனால் நிரப்ப 4 நானோவினாடி போதும். அப்போது பேண்ட்வித் மெகாஹெர்ட்ஸ்களுக்குப் போய்விடும், கட்டுப்படுத்துவது டிரெய்ன் பக்கமாக மாறிவிடும். லேபில் ஜெனரேட்டரை நேரே மாட்டி அளந்துவிட்டு, 'ஆம்ப்ளிஃபையர் அருமையாக ஓடுகிறது' என்று எழுதி, நிஜ சென்சாரை மாட்டிய அன்று தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

மில்லர்தானா என்று எப்படி உறுதி செய்வது

பேண்ட்வித் குறைந்திருக்கிறது, சந்தேகம் மில்லர் மேல். டிரெய்ன் ரெசிஸ்டரைப் பாதியாக்கிப் பார்ப்பது பலரும் செய்வது. அது குழப்பமான சோதனை. குற்றவாளி உள்ளீட்டில் இருந்தாலும் பேண்ட்வித் கூடும், வெளியீட்டில் இருந்தாலும் கூடும். ஒன்றும் நிரூபணமாகாது.

எனக்குப் பிடித்தது வேறு. ப்ரோபை டிரெய்னிலிருந்து எடுத்து கேட்டில் வையுங்கள். ஜெனரேட்டரை 200 கிலோஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். நான் பார்த்தபோது ஜெனரேட்டரில் 50 மில்லிவோல்ட், கேட்டில் 30 மில்லிவோல்ட்தான். அதாவது சிக்னல் டிரான்சிஸ்டருக்குள் போகும் முன்பே தேய்ந்துவிட்டது. குற்றம் உள்ளீட்டில் என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் அது மில்லரால் வந்ததா, வெறுமனே கேட்டில் இருக்கும் கெபாசிட்டன்ஸா?

இப்போது 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை டிரெய்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே குத்துங்கள். டிசி பயாஸ் மாறாது, ஆனால் டிரெய்ன் இனி அசைய முடியாது, கெயின் போய்விட்டது. கேட்டில் இருந்த 30 மில்லிவோல்ட் 45-ஐத் தாண்டி எழும். வெளியீட்டில் பெரிய கெபாசிட்டரை மாட்டினால் உள்ளீட்டில் சிக்னல் கூடுகிறது! முதல் தடவை பார்த்தபோது வயரைத் தப்பாகக் குத்திவிட்டேன் என்றே நினைத்தேன். ரப்பர் பேண்டின் மறுமுனையை அந்தக் குறும்புக்காரன் கையிலிருந்து பிடுங்கி ஆணியில் மாட்டியாயிற்று, அவ்வளவுதான். கேட்டில் சிக்னல் எழவில்லை என்றால் மில்லர் நிரபராதி, வேறெங்காவது தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 10 மடங்கு ப்ரோபுக்குச் சொந்தமாகவே பத்துப் பன்னிரண்டு பிகோஃபாரட் உண்டு. கேட்டில் வைக்கும்போது அதுவும் கூடிக்கொள்ளும். ஒப்பிட்டுப் பார்க்க அது பாதகமில்லை, ஆனால் பேண்ட்வித் எண்ணை எழுதும்போது ப்ரோபைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டு டிரெய்னில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

டிரெய்னை அசையாமல் வைத்துக்கொண்டே பெருக்குவது

அந்த 0.1 மைக்ரோஃபாரட் சோதனை ஒரு தீர்வையும் காட்டிக்கொடுக்கிறது. டிரெய்ன் அசையாவிட்டால் மில்லர் இல்லை. ஆனால் டிரெய்ன் அசையாவிட்டால் வெளியீடும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்ப்பது கேஸ்கோடு.

முதல் மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கும் 2 கிலோஓமுக்கும் நடுவே இரண்டாவது மாஸ்ஃபெட்டைச் செருகுகிறோம். இரண்டாவதன் கேட்டை ஒரு நிலையான வோல்டேஜில் கட்டி, அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர் போடுகிறோம். கீழே உள்ளவன் சிக்னலை கரண்ட்டாக மாற்றுகிறான். அந்த கரண்ட் மேலே உள்ளவனின் சோர்ஸுக்குள் நுழைந்து, அப்படியே அவன் டிரெய்ன் வழியே 2 கிலோஓமுக்குப் போகிறது. 20 மடங்கு அசைவு மேல் டிரெய்னில் நிகழ்கிறது. கீழ் டிரெய்ன் பார்ப்பது 2 கிலோஓமை அல்ல, மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் முனையை. அங்கே உள்ள மின்தடை டிரான்ஸ்கண்டக்டன்ஸின் தலைகீழ், 10 மில்லிசீமென்ஸுக்கு 100 ஓம். 10 மைக்ரோஆம்பியர் அதில் உண்டாக்குவது வெறும் 1 மில்லிவோல்ட்.

ஆக, கீழ் மாஸ்ஃபெட்டில் கேட் 1 ஏறினால் டிரெய்ன் 1 இறங்குகிறது. `Cgd` 21-ஆல் பெருகிய இடத்தில் இப்போது 2-ஆல் மட்டுமே பெருகுகிறது.

```
Cin = 15 + 3 × (1 + 1) = 21 pF
f = 1 / (2π × 10 kΩ × 21 pF) ≈ 758 kHz
```

மொத்த கெயின் அதே 20. மேல் மாஸ்ஃபெட்டுக்கும் `Cgd` உண்டே என்று கேட்கலாம். உண்டு, அதன் டிரெய்ன் 20 மடங்கு அசையவும் செய்கிறது. ஆனால் அதன் கேட் கட்டிவைக்கப்பட்டது, சிக்னல் அந்த வழியில் வரவில்லை. அந்த மின்னூட்டத்தை 10 கிலோஓம் வழியாக யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. இதனால்தான் மேல் கேட்டில் போடும் கிரவுண்ட் கெபாசிட்டர் அலங்காரமல்ல. அதை மறந்துவிட்டு, மேல் கேட்டை பெரிய பயாஸ் ரெசிஸ்டர்களோடு மட்டும் விட்டால், அதுவும் சிக்னலோடு ஆடத் தொடங்கும், கேஸ்கோடின் பயனில் பாதி கரைந்துவிடும்.

விலை உண்டு. இரண்டு மாஸ்ஃபெட்களும் அடுக்காக நிற்பதால் இரண்டுக்கும் தனித்தனியே வோல்டேஜ் வேண்டும், வெளியீடு ஆடுவதற்கு மிச்சமிருக்கும் இடம் குறையும். சப்ளை 12 வோல்ட் என்றால் சமாளிக்கலாம். 3 வோல்ட்டில் ஓட வேண்டிய சர்க்யூட்டில் இது வலிக்கும். அங்கே கேட்டுக்கு முன்னால் சோர்ஸ் ஃபாலோயர் ஒன்றைப் போட்டு 10 கிலோஓமை 100 ஓம் போலத் தெரியவைப்பது இன்னொரு வழி. மில்லர் கெபாசிட்டன்ஸ் அப்படியே இருக்கும், அதை நிரப்பும் கை மட்டும் பலமாகிவிடும். எண்களில் பார்த்தால் அது கேஸ்கோடைவிட அதிக பேண்ட்வித் தருகிறது, ஆனால் கூடுதலாக ஒரு பயாஸ் கரண்ட்டைத் தின்கிறது.

நான் பிரெட்போர்டில் கட்டியது கேஸ்கோடு. ஒட்டுக் கெபாசிட்டன்ஸ்களோடு சேர்த்து 600 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்தது. 120-இலிருந்து 600. லேபில் பக்கத்து மேசையிலிருந்த சீனியர் அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ப்ரோபை எடுத்துவிட்டு, வெளியீட்டை ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளில் நேராக ஸ்கோப்புக்குக் கொடுத்தார். பேண்ட்வித் 400-க்கு விழுந்தது.

"மில்லரா அண்ணா?"

"உன் கேட்டைப் பார்."

பார்த்தேன், கேட்டில் சிக்னல் துளியும் மாறவில்லை. கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், ஸ்கோப்பின் உள்ளீட்டுக்கு இன்னும் பதினைந்து. `Coss`-இன் பத்தையும் கூட்டினால், 2 கிலோஓமோடு சேர்ந்து 250 நானோவினாடி. இவ்வளவு நாளும் 20 நானோவினாடி என்று ஒதுக்கிவைத்த டிரெய்ன் பக்கம், உள்ளீட்டுக்குச் சமமாக வந்து நின்றுவிட்டது. இதற்கு கேஸ்கோடால் எதுவும் செய்ய முடியாது. மில்லர் சூத்திரத்திலும் இது வராது, அந்தச் சூத்திரம் கேட்டிலிருந்து தெரிவதை மட்டுமே சொல்கிறது. அன்று சாயங்காலம் வெளியீட்டில் ஒரு சோர்ஸ் ஃபாலோயரைச் சேர்த்து, கேபிளை அதன் பின்னால் மாட்டினேன்.